ஒரே பெட்டிக்குள் நான்கு டிஸ்க்
வீட்டுக்குள் ஒரு காப்பகம் – 9

மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ சேலத்தில் தயாரானது. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அந்தப் படம் 1938 ஜனவரியில் வெளியானது. இன்று பார்ப்பதற்கு அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏற்காடு சாலையோரம் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. உள்ளே உருவான அந்தப் படம் இல்லை.

இதே ஊரில் இன்று வேறு வகைப் படங்கள் மலைபோல் சேர்கின்றன. சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் வீட்டின் ஒரு மூலையிலேயே நாஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் பழைய விஎச்எஸ் கேசட்டுகளை மாற்றிச் சேர்த்து வைத்தவர்களும் உண்டு. “நாலு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணியாச்சுங்க, இனிப் பயமில்லைங்க” என்ற பேச்சு அவர்களிடம் அடிக்கடி காதில் விழுகிறது. சென்ற வாரம் பெட்டியில் டிஸ்க் பூட்டுவதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்தப் பயமின்மையைப் பற்றித்தான் பேச வேண்டும். பெட்டி விற்பவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

முதலில் ரெய்டு உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 8 டெராபைட் டிஸ்க் நான்கை ரெய்டு 5 முறையில் பூட்டினால் 24 டெராபைட் இடம் கிடைக்கும். மீதி ஒரு டிஸ்க் அளவு இடம் கணக்குச் சரிபார்க்கப் போய்விடும். 5, 8, 4 என்று மூன்று எண்களை எழுதி, பக்கத்தில் கூட்டுத்தொகை 17 என்றும் குறித்து வைத்தால், நடுவில் உள்ள 8 அழிந்தாலும் 17-லிருந்து 5-ஐயும் 4-ஐயும் கழித்து அதைத் திரும்ப எழுதிவிடலாம். ரெய்டு 5 செய்வதும் ஏறக்குறைய இதுதான். அந்தக் கூட்டுத்தொகைகள் நான்கு டிஸ்க்கிலும் பரவலாக எழுதப்பட்டிருக்கும். எந்த ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு வீடியோவைக் கொடுத்துவிடும்.

ஒரு டிஸ்க் செத்தால் பெட்டி ‘பீப்’ என்று கத்தும், விளக்கு நிறம் மாறும். ஆனால் எடிட்டிங் நிற்காது. நாளை மறுநாள் ஆல்பம் கொடுக்க வேண்டிய ஸ்டுடியோவுக்கு இது பெரிய உதவி. லினக்ஸில் ஓடும் பெரும்பாலான பெட்டிகளில் `cat /proc/mdstat` என்று கேட்டால் நிலவரம் இப்படித் தெரியும்:

```
md2 : active raid5 sda3[0] sdb3[1] sdd3[3]
      23413124736 blocks super 1.2 level 5,
      64k chunk, algorithm 2 [4/3] [UU_U]
```

[4/3] என்றால் நான்கில் மூன்றுதான் உயிரோடு இருக்கின்றன. UU_U-வில் அடிக்கோடு இருக்கும் இடம் செத்த டிஸ்க். இங்கே போனது sdc. அதற்காகப் பெட்டியில் மூன்றாவது தட்டை உருவிவிடக் கூடாது. திரையில் வரும் பெயர் வரிசையும் தட்டு வரிசையும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நல்ல டிஸ்க்கைத் தவறுதலாக உருவினால், நான்கில் இரண்டு போனதாகி மொத்தமும் நின்றுவிடும். பெட்டியின் மேலாண்மைத் திரையில் செத்த டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் பார்த்து, உருவிய டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிட வேண்டும். பூட்டும் அன்றைக்கே ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டிவைப்பது நல்லது.

புது டிஸ்க் போட்டதும் மறுகட்டமைப்பு தொடங்கும். 8 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே பதினைந்து மணி நேரம் ஆகும். நடுவில் எடிட்டிங்கும் நடந்தால் இரண்டு நாள்கூட இழுக்கும். அந்த நேரம் முழுக்க மீதி மூன்று டிஸ்க்கும் தலையிலிருந்து கால்வரை படிக்கப்பட வேண்டும். மூன்று வருடமாக யாருமே திறக்காத கல்யாணங்கள் இருக்கும் பகுதிகளும் அப்போதுதான் முதல்முறை படிக்கப்படும். அங்கே படிக்க முடியாத ஓர் இடம் தென்பட்டால், ஈடுகட்டக் கூட்டுத்தொகை இருக்காது. சில பெட்டிகள் அந்தக் கோப்பை மட்டும் இழந்து மேலே போகும், சில அப்படியே நின்றுவிடும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வெப்பத்தில் ஓடி ஒன்றாக மூப்படைகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ‘டேட்டா ஸ்கிரப்பிங்’ வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் இந்தக் கெட்ட இடங்கள் முன்கூட்டியே பிடிபடும். வெளியே பிரதி இல்லாத நிலையில் டிஸ்க் செத்துப்போனால், புது டிஸ்க் போடும் முன் முக்கியமான கோப்புகளை வெளியே நகலெடுத்துவிடுவதுதான் முதல் வேலை.

ஆக, ரெய்டு காப்பது ஒரே ஒரு விபத்திலிருந்து: ஒரு டிஸ்க் தானாகச் சாவது. மற்ற விபத்துகள் எல்லாம் பெட்டியையோ கோப்பையோ நேராகத் தாக்குபவை.

2021 ஜூன் 23-ஆம் தேதி உலகெங்கும் பலருக்கு நடந்ததைப் பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’, ‘மை புக் லைவ் டுயோ’ என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் இணையத்தில் இணைந்திருந்தன. டுயோவில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதையே மற்றொன்றிலும் எழுதும்படி வைக்கலாம். நிறுவனம் 2015-க்குப் பிறகு அவற்றுக்கு மென்பொருள் திருத்தம் கொடுக்கவில்லை. யாரோ இணையம் வழியாக அவற்றுக்குள் புகுந்து, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பச் சொல்லிக் கட்டளையிட்டார்கள். அந்தக் கட்டளைக்கு முன் கடவுச்சொல் கேட்க வேண்டிய நிரல் வரிகள் எழுதப்பட்டுத்தான் இருந்தன, ஆனால் செயல்படாதபடி முடக்கப்பட்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. பெட்டி சொன்னதைச் செய்தது. ஒரு டிஸ்க்கில் அழித்ததை, இரட்டை டிஸ்க் பெட்டி இன்னொன்றிலும் அழித்தது. எந்த டிஸ்க்கிலும் பழுதில்லை. ரெய்டும் பழுதில்லாமல் வேலை செய்தது. காலியாய்ப் போனது வீட்டுக்காரரின் படங்கள்தான். அதே ஆண்டு ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளைத் தாக்கிய ‘கியூலாக்கர்’ கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட .7z பொதிகளாகக் கட்டிவைத்துப் பணம் கேட்டது. அங்கேயும் ரெய்டுக்கு அது சாதாரண எழுதும் வேலைதான்.

எடிட்டர் அவசரத்தில் ‘முகூர்த்தம்_1’ ஃபோல்டரை அழித்தாலும் இதே கதை. இதற்கு ஸ்னாப்ஷாட் உதவும். தினமும் ஒருமுறை எடுக்கும்படி வைத்து, ஒரு மாதம் காத்துவைத்தால் நேற்றைய நிலையைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்குகளில். நிர்வாகக் கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டவன் அதையும் அழிக்கலாம்.

நம் சமவெளிக்கே உரிய ஆபத்து மின்சாரம். சித்திரையில் வெயில் உச்சிக்கு ஏறி, மாலையில் சேர்வராயன் பக்கமிருந்தோ கொல்லிமலைப் பக்கமிருந்தோ இடிமழை வரும். காற்றில் மரக்கிளை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை ஒட்டி வரலாம். ஃபேன் சீறும், பல்பு கண்ணைப் பறிக்கும், பிறகு கருகிய வாசனை. நாஸ் பெட்டியின் அடாப்டர் மட்டும் போனால் நல்ல காலம். அதைத் தாண்டி உள்ளே போனால் நான்கு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டுகளும் ஒரே நொடியில் போகலாம், ஏனென்றால் நான்கும் குடிப்பது ஒரே இணைப்பிலிருந்து. எர்த் சரியாக இருப்பதும், நல்ல யூ.பி.எஸ்ஸும் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. திருட்டு, தீ, மேல்தொட்டி வழிந்து கூரையில் இறங்கும் தண்ணீர் ஆகியவற்றுக்கும் பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்பது பொருட்டல்ல.

இவற்றுக்கெல்லாம் பதில், பெட்டிக்கு வெளியே, மின்கம்பியோடும் நெட்வொர்க்கோடும் தொடர்பில்லாமல், வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு பிரதி. அதைத்தான் பேக்கப் என்கிறோம். இணையத்தில் ஏற்றிவிடலாமே என்று கேட்பார்கள். வினாடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் வேகமுள்ள ஃபைபர் இணைப்பில் 14 டெராபைட் ஏற, ஒரு நிமிடமும் நிற்காமல் ஓடினாலும் 26 நாள் ஆகும். 4கே கேமராவில் வினாடிக்கு 100 மெகாபிட் என்று பதிந்தால் ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவிலும் மொத்தம் பத்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 450 ஜிகாபைட். வைகாசியில் வாரத்துக்கு மூன்று கல்யாணம் எடுப்பவரால் கச்சா பதிவை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. எடிட் முடித்த மூன்று மணி நேரப் படம் 27 ஜிகாபைட் அளவில் வரும். அது ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும். ஆகவே முடித்த படம் இணையத்துக்கு, கச்சா பதிவு டிஸ்க்குக்கு என்று பிரிப்பதே நடைமுறை.

இப்போது அந்த நான்கு டிஸ்க்குக்கே வருவோம். வீட்டில் இருப்பது 14 டெராபைட் என்று வையுங்கள். இன்னொரு டிஸ்க் வாங்காமல், அதே நான்கு டிஸ்க்கை வேறு விதமாகப் பூட்டலாம். இரண்டைப் பெட்டிக்குள் ரெய்டு இல்லாமல், ஒன்றாகக் கோக்காமல், தனித்தனி வால்யூமாக வையுங்கள். கோத்துவிட்டால் ஒன்று செத்தாலும் இரண்டும் போகும். மற்ற இரண்டையும் யூ.எஸ்.பி டாக்கில் செருகி முழு நகல் எடுத்து, பஞ்சு உறையில் வைத்து, ராசிபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பெரிய வேலை முடிந்ததும் கொண்டுவந்து புதியதை மட்டும் சேர்க்கலாம். `rsync` பயன்படுத்துபவர்கள் `--delete` போடாமல் ஓட்ட வேண்டும்; போட்டால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். நகலெடுக்கும் அந்தச் சில மணி நேரம் இரண்டு பிரதியும் ஒரே வீட்டில், ஒரே மின்சாரத்தில் இருக்கும். இடிமழை அறிகுறி உள்ள நாளில் அந்த வேலை வேண்டாம்.

இதில் இழப்பது என்ன? டிஸ்க் ஒன்று செத்தால் வேலை நிற்கும். ராசிபுரம் போய் டிஸ்க்கை எடுத்து வந்து, புது டிஸ்க்கில் நகலெடுக்க ஒரு நாள் போகும். கடைசியாக நகலெடுத்த பிறகு சேர்த்தவையும் போய்விடும். அதனால்தான் மண்டபத்திலிருந்து வந்த மெமரி கார்டை, வெளியூர்ப் பிரதி தயாராகும்வரை அழிக்கக் கூடாது. வாரம் மூன்று வேலை கொடுக்க வேண்டிய ஸ்டுடியோவால் ஒரு நாள் நிற்பதைத் தாங்க முடியாது. அவர்கள் ரெய்டையும் வைத்துக்கொண்டு, வெளிப் பிரதிக்குத் தனியாகச் செலவழிக்கத்தான் வேண்டும். தாத்தாவின் அறுபதாம் கல்யாண கேசட்டை மாற்றிச் சேர்த்த குடும்பத்துக்கு ஒரு நாள் நின்றால் நட்டமில்லை. அவர்களுக்குப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ரெய்டை விட்டுவிட்டு, அக்கா வீட்டு பீரோவைத் தேர்ந்தெடுக்கும்படி சொல்வேன்.

பீரோவில் இருக்கும் டிஸ்க்கை வருடத்துக்கு இரண்டு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கோப்புப் பெயர் தெரிந்தால் போதாது. நகலெடுத்த அன்றே `sha256sum` கொண்டு ஒவ்வொரு கோப்புக்கும் எண் எடுத்துச் சேமித்து வைத்தால், பின்னர் அதே டிஸ்க்கில் ஓட்டி ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது, பெட்டியில் உள்ளதிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு பிரதியில் எது சரி என்ற குழப்பத்தையும் அந்த எண்தான் தீர்க்கும். அதை எப்படி ஒரே கட்டளையில் எடுப்பது என்பது அடுத்த வாரம்.