மூன்றாம் படியில் ஒரு 'வைஸ் பிரசிடென்ட்'

2012 மார்ச்சில் கிரெக் ஸ்மித் என்பவர் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியை விட்டு விலகினார். வாடிக்கையாளரின் நலனை வங்கி மறந்துவிட்டது என்று அன்றே நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவர் பெயரோடு 'எக்ஸிகியூட்டிவ் டைரக்டர்' என்ற பதவியும் அச்சானது. அதைப் பார்த்தால் இயக்குநர் குழுவில் இருப்பவரே கொதித்தெழுந்தார் என்றுதான் தோன்றும். வங்கித் தலைமையோ, ஏறக்குறைய 12,000 வைஸ் பிரசிடென்ட்களில் அவர் ஒருவர் என்று ஊழியர்களுக்கு எழுதியது. அப்போது வங்கியின் மொத்த ஊழியர்களே முப்பதாயிரத்துச் சொச்சம்தான். நியூயார்க்கில் வைஸ் பிரசிடென்ட் எனப்படும் நிலைக்கு, அவர் வேலை பார்த்த லண்டனில் எக்ஸிகியூட்டிவ் டைரக்டர் என்று பெயர்.

யாரும் பொய் சொல்லவில்லை. முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட், அசோசியேட் ஆகியவற்றுக்கு அடுத்த படியே வைஸ் பிரசிடென்ட். பெரும் பணத்தை ஒப்படைக்க வரும் வாடிக்கையாளர், பெரிய பதவிக்காரரோடு பேசவே விரும்புவார். அதனால் வங்கிகள் அந்தப் பெயரைத் தாராளமாக வழங்குகின்றன. சம்பளத்தை உயர்த்துவதைவிட அது மலிவும்கூட. உற்பத்தி நிறுவனத்திலோ அதே பெயர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே கிடைக்கும்.

சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் மையத்தில் 'அசிஸ்டென்ட் வைஸ் பிரசிடென்ட்' ஆக இருப்பவர், ஆலை ஒன்றில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமைப் படிப்பவர் அவரைத் துணைத் தலைவருக்கு அடுத்தவர் என்று எண்ணி, கேட்ட வேலைக்கு அதிகத் தகுதி என்றே ஒதுக்கிவிடலாம். அதற்காக அவர் பதவியை 'டீம் லீட்' என்று மாற்றி எழுதக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் அனுபவச் சான்றிதழோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் கைக்கு வந்த வேலையும் போகலாம். பதவியை அப்படியே எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'வங்கியின் ஆறு நிலைகளில் மூன்றாவது, நான்கு பேர் கொண்ட டெஸ்டிங் குழுவை நடத்தினேன், வைஸ் பிரசிடென்ட்டிடம் ரிப்போர்ட் செய்தேன்.'

இந்த வரியால் அதிகம் பயனடைவது சின்னப் பெயருக்குள் பெரிய வேலை செய்தவர்கள்தான். நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு ஷிப்டையே நடத்துபவருக்கும் சில ஆலைகளில் 'சீனியர் இன்ஜினியர்' என்றுதான் பெயர். அவர் அந்த நாற்பதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது.

'குழுவை நடத்தினேன்' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தினசரி வேலையைப் பிரித்துக் கொடுப்பவரும் அப்படித்தான் சொல்வார். அப்ரைசல் எழுதி, சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரும் அப்படித்தான் சொல்வார். இரண்டுக்கும் நடுவே பல ஆண்டு அனுபவம் கிடக்கிறது. எது தன் வேலை என்பதை எழுதுபவரே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆள் எடுப்பவர்கள் பதவிப் பெயரை வைத்து யாரையும் சேர்க்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். யாருடைய அப்ரைசலை எழுதினீர்கள், எவ்வளவு தொகை வரை உங்கள் கையெழுத்து செல்லும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.