மாறா, மாற்றா: ஓர் இயற்பியல் பாடம் ஆங்கிலத்துக்குப் போகும்போது

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. இயற்பியலில் சேரப்போகும் பிள்ளைகளுக்குக் கல்லூரி திறக்கும் வரை சில வாரங்கள் கிடைக்கும். பிளஸ் ஒன் இயற்பியலின் நான்காம் அலகான ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ பாடத்தை ஆங்கிலக் குறிப்புகளாக மாற்றிப் பார்க்க அது நல்ல நேரம். பாடம் ஏற்கெனவே புரிந்ததுதான். பழக வேண்டியது அதன் ஆங்கிலத்தை.

இதற்கு அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு போகக் கூடாது. தமிழ்நாடு அரசு இதே பாடநூலை ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. அலகுகளின் வரிசையும் சமன்பாடுகளும் இரண்டிலும் ஒன்றுபோலவே வரும். இரண்டு புத்தகத்தையும் அருகருகே விரித்து வைத்துச் சமன்பாடுகளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு சமன்பாட்டைச் சுற்றி என்னென்ன கலைச்சொற்கள் இருக்கின்றனவோ, அவற்றின் ஆங்கிலம் அங்கே அதே சமன்பாட்டைச் சுற்றி இருக்கும்.

சொல்லுக்குச் சொல் போனால் எங்கே தடுக்கும் என்பதற்கு இந்தப் பாடத்திலேயே ‘மாறா’ என்ற சொல் இருக்கிறது. ‘மாறா விசை’ என்றால் ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ட் ஃபோர்ஸ். அளவும் திசையும் மாறாத விசை. ‘ஆற்றல் மாறா விதி’ என்று வரும்போது அதே ‘மாறா’, கன்சர்வேஷன் ஆகிவிடுகிறது. அடுத்து வருகிறது ‘ஆற்றல் மாற்றா விசை’. ஓர் எழுத்துதான் வேறுபாடு, பொருளோ வேறு. இது கன்சர்வேடிவ் ஃபோர்ஸ். புவியீர்ப்பு விசையும் சுருள்வில்லின் விசையும் இந்த வகை. உராய்வு இதில் சேராது. ‘மாறா விசை’யையும் ‘ஆற்றல் மாற்றா விசை’யையும் ஒன்றாக நினைத்துவிட்டால் சுருள்வில்லிலேயே சிக்கிக்கொள்ள நேரும். சுருள்வில் நீள நீள விசை மாறுகிறது, ஆகவே அது மாறா விசை இல்லை. ஆனால் ஆற்றல் மாற்றா விசைதான். குறிப்பில் இந்த மூன்றையும் ஒரே இடத்தில், சுருள்வில் எடுத்துக்காட்டோடு எழுதிவைக்க வேண்டும்.

சொல் சரியானாலும் வாக்கியம் முரண்டுபிடிக்கும். செய்யப்பட்ட வேலை தொடக்க, இறுதி நிலைகளை மட்டும் சார்ந்து, சென்ற பாதையைச் சாராமல் இருந்தால் அது ஆற்றல் மாற்றா விசை என்று தமிழில் படித்திருப்பார்கள். நிபந்தனை முன்னே வருகிறது, பெயர் கடைசியில் வருகிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் சொல்லும்: ‘எ ஃபோர்ஸ் இஸ் கன்சர்வேடிவ் இஃப்’ என்று பெயரை முதலில் நிறுத்திவிட்டு நிபந்தனையைப் பின்னால் இழுத்துவரும். வகுப்பில் பேராசிரியர் பேசுவதும் இந்த வரிசையில்தான். ஆகவே குறிப்பெடுக்கும்போது தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியைத் தரைக்கு 60° கோணத்தில் 20 N விசையால் இழுக்கிறார்கள். அது 20 வினாடியில் 10 m நகர்கிறது. cos 60° என்பது பாதி என்பதால், அந்த விசை செய்த வேலை 20 × 10 × ½ = 100 J. திறன் 100 ÷ 20 = 5 W. ‘திறன்’ என்பதற்கு நேரே பவர் என்று எழுதாமல் எனர்ஜி என்று எழுதியிருந்தால், விடையின் அலகே காட்டிக்கொடுத்துவிடும். எனர்ஜிக்கு ஜூல் வந்திருக்க வேண்டும், வந்திருப்பதோ வாட். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலைக்கும் W, வாட்டுக்கும் W. அச்சில் வேலையின் W சாய்வெழுத்தில் இருக்கும். கையெழுத்தில் அந்த வேறுபாடு தெரியாது. எண்ணை ஒட்டிப் பின்னால் வந்தால் அது அலகு.

இணையத்தில் தமிழ்க் குறிப்புகள் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கைப் பாடநூல்களின் கலைச்சொற்கள் வேறு. அங்கே ஆற்றலுக்குச் சக்தி என்றும் திறனுக்கு வலு என்றும் பெயர். புதிய சொல் என்றால் நின்று யோசிப்போம். பழகிய சொல் வேறு பொருளில் வருவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் ‘நிறை’ மாஸ், ‘வேகம்’ ஸ்பீடு. இலங்கையில் ‘நிறை’ வெயிட், ‘வேகம்’ வெலாசிட்டி. mgh போட வேண்டிய இடத்தில் இந்தக் குழப்பம் வந்தால் g ஒருமுறை கூடும் அல்லது விட்டுப்போகும்.

பாடம் முழுவதும் நாலு பக்கக் குறிப்பில் அடங்கிவிடும். ஒவ்வொரு கருத்துக்கும் ஆங்கிலப் பெயர், குறியீடு, அலகு, ஒரே ஒரு வாக்கியம், ஒரு சிறு கணக்கு. ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல். பிறகு சமன்பாடுகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். P = dW/dt என்பதைப் பிளஸ் ஒன்னில் பலமுறை எழுதியிருப்பார்கள். கல்லூரியில் அது கரும்பலகையில் வருவதற்கு முன்னால் ‘பவர் ஈக்வல்ஸ் டி டபிள்யூ பை டி டி’ என்று காதில் விழும்; கேட்டதும் கை அதை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.