மேடம் தந்த இரண்டு நம்பர்

என் அக்கா மகள் பி.எஸ்சி. நர்சிங் படித்தவள், 2019 பேட்ச். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். பிரிட்டனுக்குப் போகலாம் என்று முடிவெடுத்ததும் முதல் வேலையாகத் தன் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில், “யாராவது யு.கே.ல இருக்கீங்களா? வேகன்சி இருந்தா சொல்லுங்கப்பா” என்று போட்டாள். இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அன்று யாருக்கோ பிறந்தநாள். கேக்குகளுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் அவள் கேள்வி போய்விட்டது.

குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான். அவர்களிடம் பதில் இல்லை, அவ்வளவே. ஒரே வருடம் படித்து முடித்தவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். ஒருத்திக்குத் தெரிந்ததுதான் மற்றவளுக்கும் தெரியும். இவளுக்கு வேண்டியது நான்கைந்து வருடம் முன்னால் போனவர்கள். அவர்கள் வேறு குழுக்களில் இருக்கிறார்கள். பேட்ச் குழுக்களுக்கு நடுவே கதவு கிடையாது.

அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர் கல்லூரியில் பல வருடமாகப் பாடம் நடத்தும் ஆசிரியர். அவள் தன் பழைய டியூட்டர் மேடத்துக்கு போன் செய்தாள். கிட்னி வார்டில் ஆர்வமாக இருந்த பிள்ளைகள் யார் யார் என்று மேடத்துக்கு நினைவிருந்தது. இரண்டு சீனியர்களிடம் முதலில் அவரே கேட்டு, சம்மதம் வாங்கி, பிறகுதான் நம்பரைத் தந்தார். அந்தச் சம்மதம் பெரிய விஷயம். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தி வேறு, மேடம் சொல்லி வரும் செய்தி வேறு.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு வழிகாட்டியவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திக்கிறவர்கள்; பழைய கல்லூரி நண்பர், முன்பு கூட வேலை பார்த்தவர் போன்றவர்கள். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். என் அக்கா மகளின் பேட்ச் குழுவில் நடந்ததும் அதுதான்.

லிங்க்டுஇன்னிலும் தேடினாள். கல்லூரியின் பக்கத்தில் Alumni என்ற பகுதியைத் திறந்தால், முன்னாள் மாணவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். அவள் நாட்டுக்கு United Kingdom-ஐத் தேர்ந்து, தேடும் பெட்டியில் renal என்று தட்டினாள். ஒருவர்கூட வரவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகள் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், பலர் கல்லூரிப் பெயரைப் போடாமல் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். கல்லூரிப் பெயரையே வேறு எழுத்துகளில் எழுதியவர்களும் உண்டு. பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடியபோது மூவர் கிடைத்தார்கள். லிங்க்டுஇன்னுக்கே வராத நர்ஸ்கள் ஏராளம் என்பதால், மேடத்தின் நினைவுதான் அதைவிட நன்றாக வேலை செய்தது.

இரண்டாவது தடவை, மேடம் தந்த முதல் சீனியருக்கு, அவள் எழுதிய செய்தியை எனக்குக் காட்டினாள். “அக்கா, நான் 2019 பேட்ச். மேடம் உங்க நம்பர் தந்தாங்க. அஞ்சு வருஷமா டயாலிசிஸ். ஓ.இ.டி. பாஸ் பண்ணிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். புதுசா வர்றவங்களை அங்க நேரா டயாலிசிஸ்ல போடுவாங்களா, இல்ல முதல்ல பொது வார்டா? நீங்க ஆஃப்ல இருக்கும்போது வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும்க்கா.” வேலை கேட்கவில்லை. அந்த அக்காவால் வேலை தரவும் முடியாது. அங்கே என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது. ஒரு குழு மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. வார்டு நர்ஸ் சொல்லி யாரையும் உள்ளே நுழைக்க முடியாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவரைப் போல யாராலும் சொல்ல முடியாது.

நான்கு நாள் கழித்து ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. பன்னிரண்டரை மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு நான்கு நாள் தாமதம் பெரிதில்லை. அதில் அவர் சொன்ன ஒன்று இவளுடைய விண்ணப்பத்தையே மாற்றியது. நம்மூரில் பல மருத்துவமனைகளில் டயாலிசிஸ் மெஷினைத் தயார் செய்வதும் ஃபிஸ்டுலாவில் ஊசி போடுவதும் டெக்னீஷியன் கையில் இருக்கும். அங்கே பெரும்பாலும் நர்ஸின் வேலை. இவள் இரண்டையும் செய்திருக்கிறாள், ஆனால் ‘டயாலிசிஸ் பிரிவில் பணி’ என்று ஒரு வரியில் முடித்திருந்தாள். வேலை விளம்பரத்தோடு ‘பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்’ என்று ஒரு பட்டியல் வரும், அதில் ‘எசென்ஷியல்’ என்று போட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் நீ என்ன செய்தாய் என்று தனித்தனியாக எழுது என்றார் அந்த அக்கா. ஒரு ஷிஃப்டில் எத்தனை பேஷன்ட், ஊசி நீயே போட்டாயா, நடுவில் பிரஷர் இறங்கினால் என்ன செய்தாய் என்பதையெல்லாம் சேர்க்கச் சொன்னார்.

மேடம் தந்த இரண்டாவது சீனியர் 2017-இல் போனவர். அக்கறையோடு நிறையச் சொன்னார். அதில் பாதி பழையது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வேண்டும் என்றார். 2018 டிசம்பரிலிருந்து எழுத்துப் பிரிவுக்கு 6.5 போதும். ஓஸ்கி செய்முறைத் தேர்வில் ஆறு நிலையங்கள் என்றார். 2021-க்குப் பிறகு அது பத்து. அவர் பொய் சொல்லவில்லை, தான் கடந்து வந்த வருடத்தைச் சொன்னார். ஆகவே எந்த சீனியரிடம் பேசினாலும், “நீங்க எந்த வருஷம் எழுதினீங்கக்கா?” என்ற கேள்வி முதலில் வரவேண்டும். விதிகளை என்.எம்.சி. என்ற அந்நாட்டு நர்சிங் கவுன்சிலிடமே சரிபார்க்க வேண்டும். வார்டு எப்படி, வாடகை எவ்வளவு, பாதியில் வேலையை விட்டால் மருத்துவமனை செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்குமா என்பதையெல்லாம் சீனியரிடம் கேட்கலாம். ஆள் எடுப்பது 2024-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருப்பதால், எந்தப் பிரிவில் இன்னும் இடம் விழுகிறது என்பதும் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். அதே கல்லூரி என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் குழுவில் வந்தார். ‘ப்ராசஸிங்’ செலவுக்கு முன்பணம் அனுப்பினால் இடம் உறுதி என்றார். பலர் நம்பத் தயாராக இருந்தார்கள். நம் காலேஜ் ஆள் என்ற ஒரே வார்த்தை அவ்வளவு வேலை செய்கிறது. பிரிட்டனின் சர்வதேச ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை வாங்கித் தருவதற்காக ஏஜென்சி நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது. தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாம் தேர்வு நடத்துபவரிடமும் கவுன்சிலிடமும் நாமே நேரடியாகக் கட்டுவது. அதைத் தாண்டி யார் கேட்டாலும், ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருந்தவளே கேட்டாலும், தரக்கூடாது. என் அக்கா மகள் இந்த விதியைக் குழுவில் எழுதினாள். அந்த நபர் வெளியேறிவிட்டார்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதையும் அந்த அக்காவிடம் சொன்னாள், இரண்டே வரியில். அவர் அந்த விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லி, எந்த ‘எசென்ஷியல்’ விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துக் கொடுத்தார். இரண்டாவது, வேறோர் ஊரில். வீடியோ நேர்காணல் நடந்து இடம் கிடைத்தது, பொது மருத்துவ வார்டில். பிறகு டயாலிசிஸுக்கு மாற்றல் கேட்கலாமாம்.

இப்போது ஓஸ்கிக்குப் பயிற்சி. போன ஞாயிறு போயிருந்தபோது சாப்பாட்டு மேஜையில் கேர் பிளான் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் தப்பாகிவிட்டது. ஒயிட்னரை எடுக்கப் போனவள் நிறுத்தி, ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள். “அழிச்சா மார்க் போயிடும்னு அக்கா சொல்லியிருக்காங்க சித்தி” என்றாள்.