மூணு வருஷ பாண்ட்: எந்த நாளிலிருந்து மூணு வருஷம்?

"அக்கா, கம்பெனி படிக்க வைக்குது, ஆனா மூணு வருஷம் பாண்ட். கையெழுத்து போடலாமா?" காலை நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு நேயர் அனுப்பிய குரல் பதிவு இது. கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ஏசிசிஏ வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தேர்வு நேரத்தில் சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் நிறுவனத்தின் செலவு. மூன்று வருடம் அதிகமா என்பதுதான் அவருடைய கவலை.

எனக்கென்னவோ, வருட எண்ணிக்கையைவிட அது எந்த நாளில் தொடங்குகிறது என்பதே பெரிய விஷயம். கையெழுத்திட்ட நாளிலிருந்து என்றால் படிக்கும் காலமும் அதில் கழியும். 'கடைசித் தாளில் தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. படிப்புக்கு இரண்டு வருடம் பிடித்தால் மூன்று வருட பாண்ட் ஐந்து வருடமாகிவிடும். ஒரு தாளில் தவறினால் இன்னும் நீளும்.

ஏசிசிஏ படிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றாலும் உறுப்பினராக 36 மாத வேலை அனுபவம் வேண்டும். அதை மேற்பார்வையாளர் ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். தேர்வுகளை எழுதிக்கொண்டே இந்த அனுபவத்தைச் சேர்க்கலாம். ஆகவே கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணப்படும் மூன்று வருட பாண்ட், எப்படியும் நீங்கள் எங்கோ கழிக்க வேண்டிய காலம்தான். பட்டமும் உங்கள் பெயரில் இருக்கும், எங்கு போனாலும் கூடவே வரும். நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் அறிமுகப் பயிற்சிக்கு பாண்ட் கேட்டால், நான் கொஞ்சம் யோசிப்பேன்.

அடுத்தது பணம். செலவு 18,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 500. ஒப்பந்தத்தில் 'சேவை செய்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறையும்' என்று இருந்தால், 20 மாதம் வேலை செய்துவிட்டு விலகுபவர் மீதி 16 மாதத்துக்கு 8,000 ரிங்கிட் கட்டினால் போதும். அந்த வாக்கியம் இல்லையென்றால், 35ஆவது மாதத்தில் போனாலும் முழு 18,000 கேட்பார்கள். என்னைக் கேட்டால், 'கண்ணி' என்ற வார்த்தை அந்த ஒப்பந்தத்துக்குத்தான் பொருந்தும்.

தொகை மாதாமாதம் குறைகிறது என்றால் போவதா இருப்பதா என்பது சாதாரணக் கூட்டல் கழித்தல். புதிய இடத்தில் மாதம் 800 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தால், அந்த 16 மாதத்தில் 12,800 வரும். 8,000 கட்டிவிட்டுப் போனாலும் லாபம்தான். கூடுதல் 400 மட்டும்தான் என்றால் 6,400 வரும், அப்போது பொறுத்திருப்பதே மேல். புதிய முதலாளியே பாண்ட் பணத்தைக் கட்டுவதும் நடக்கிறதுதான், ஆனால் அவர் பதிலுக்கு இன்னொரு பாண்டை நீட்டலாம்.

அந்த 18,000 எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். வகுப்புக்கும் தேர்வுக்கும் உண்மையில் கட்டிய தொகையா? விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்தார்களா? இல்லை, சும்மா ஒரு முழு எண்ணா? செலவுப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்வதில் தப்பே இல்லை.

"கோர்ட்டுக்குப் போனா செல்லாது" என்று சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர் சொல்வது பாதி சரி. உங்களை அங்கேயே வேலை செய்யும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது, பேச்சு பணத்தைப் பற்றித்தான். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 75இன்படி, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனால் 2018இல் கியூபிக் எலக்ட்ரோனிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவுபடுத்தியது. அது பாண்ட் வழக்கு இல்லை என்றாலும் அதே பிரிவைப் பற்றியது. தனக்கு எவ்வளவு நட்டம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் ஒருவர் நிரூபித்தாக வேண்டியதில்லை. தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது. அதாவது, விலகிய ஊழியர்தான் வக்கீல் வைத்து வாதாட வேண்டியிருக்கும். கையெழுத்துக்கு முன் ஒரு வரியைத் திருத்தச் சொல்வது அதைவிட எவ்வளவோ மலிவு.

ஆள் குறைப்பில் நிறுவனமே உங்களை அனுப்பினால் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் பாருங்கள். 'எந்தக் காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தாலும்' என்ற சொற்கள் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும். 'ஊழியர் தாமாக விலகினால்' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது அப்படியே கிடக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்துக்கு அப்பாவையோ அண்ணனையோ வரச் சொல்வார்கள். அது வெறும் சாட்சிக் கையெழுத்து அல்ல. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, உங்கள் கடன் எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு. ஆகவே அவரை அந்த மேசைக்குக் கூட்டிப்போகும் முன், மூன்று நாள் அவகாசம் கேட்டு நகலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவரும் ஒரு முறை படிக்கட்டும்.