நிறைவெண்ணும் 120 தவறிய இடமும்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள் அவ்வெண்ணை மட்டும் விலக்கி, எஞ்சியவற்றைக் கூட்டும்போது அதே எண் திரும்பக் கிடைத்தால், அதனை நிறைவெண் என்பர். 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6 ஆவதாலும், 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 28 ஆவதாலும், இவ்விரண்டும் முதலிரு நிறைவெண்கள் ஆகின்றன. அடுத்து வருவது 496. யூக்ளிடு தம் நூலின் 9ஆம் பகுதியில் நிறுவிய வழி இந்த எண்ணில் தெளிவாகத் தெரிகிறது.

496 என்பது 16 × 31. இதில் 31 என்பது 2⁵ − 1. அது 1 அன்றியும் தானன்றியும் வேறெதனாலும் வகுபடாத பகா எண். ஆதலால் 496இன் வகுத்திகள் இரண்டே வரிசைகளில் அடங்கிவிடுகின்றன. முதல் வரிசையிலுள்ள 1, 2, 4, 8, 16 ஆகியவற்றின் தொகை, அடுத்த இரட்டிப்பாகிய 32க்கு ஒன்று குறைந்து, சரியாக 31 ஆகிறது. இரண்டாம் வரிசை இவற்றின் 31 மடங்குகள். அதில் 496ஐ விலக்கினால் 31, 62, 124, 248 எஞ்சி, அவற்றின் தொகை 31 × 15 ஆகிறது. முதல் வரிசை தந்த ஒரு 31 இந்தப் பதினைந்தோடு சேர, 31 × 16 என 496 நிறைவடைகிறது. பொதுவாக, 2ᵖ − 1 பகா எண்ணாயின் 2ᵖ⁻¹ × (2ᵖ − 1) நிறைவெண்ணாகும்.

பகா எண் என்னும் நிபந்தனை எதற்கு என்பதை 8 × 15 = 120 காட்டிவிடுகிறது. 1, 2, 4, 8 ஆகியவற்றின் தொகை 15, அதனோடு 15, 30, 60 சேர்ந்தால் 120 என இங்கும் கணக்கு சரியாக வந்ததுபோலவே தோன்றும். ஆனால் 15 என்பது 3 × 5 என உடைவதால் 3, 5, 6, 10, 12, 20, 24, 40 ஆகிய வகுத்திகளும் உள்ளே புகுந்து, அவையும் வேறோர் 120ஐச் சேர்த்துவிட, தொகை 240 ஆகிவிடுகிறது. அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது; 2¹¹ − 1 = 2047 என்பது 23 × 89 என உடைகிறது.

இரட்டைப்படை நிறைவெண் எதுவாயினும் இந்த வடிவிலேயே அமையும் என்பதை ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படையில் ஒன்றேனும் உண்டா என்பது இன்றுவரை தீரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து பின் கனடா சென்ற எம். வி. சுப்பாராவ், வாரன் என்பவரோடு சேர்ந்து, 1966இல் இக்கேள்வியைச் சற்றே மாற்றினார்: ஒரு வகுத்திக்கும் அதனால் வகுத்துக் கிடைக்கும் ஈவுக்கும் 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லையெனில் மட்டுமே அதனைக் கணக்கில் கொள்ளலாம் என்றார். இக்கணக்கில் 28 தோற்க, 60 வெல்கிறது: 1, 3, 4, 5, 12, 15, 20 ஆகியவற்றின் தொகை 60. இவ்வகை எண்களில் இதுவரை அறியப்பட்டவை ஐந்தே. அவற்றில் ஒற்றைப்படை எண் இருக்கவே முடியாது என்பதையும் அவ்விருவர் நிறுவிவிட்டனர்.