கப்ளிங்கின் கீழே கறுப்புத் தூள்

மோட்டாரையும் தண்ணீர் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்குக்குக் கீழே, சிமென்ட் மேடையில், சில இடங்களில் கறுப்பாகத் தூள் படிந்திருக்கும். தெரியாதவர் அதை அழுக்கு என்று துடைத்துவிடுவார். தெரிந்தவர் விரலில் தொட்டுப் பார்ப்பார். அது கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து உதிர்ந்த தூள். மோட்டாரின் ஷாஃப்டும் பம்ப்பின் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதை அந்தத் தூள் சொல்கிறது. இன்னும் சில வாரங்கள் விட்டால் பேரிங் சூடேறும், சீல் கசியும், ஒருநாள் பம்ப் நிற்கும்.

இந்தத் தூளைப் படிக்க ஒரு ஃபிட்டர் எங்கே கற்றுக்கொள்கிறார்? நம் தொழிற்கல்வியின் குறை, அதன் மதிப்புக் குறைவு, இரண்டுமே இந்தச் சின்னக் கேள்விக்குள் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு முடித்த பையனோ பெண்ணோ ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தால் படிப்பு இரண்டு ஆண்டு. முதல் நாட்களில் அரம்தான் வாழ்க்கை. இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து, ராவி, சதுரம் சரியா என்று டிரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி ராவ வேண்டும். பிறகு வெர்னியர், மைக்ரோமீட்டர். ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தும் இரண்டு துண்டுகளைக் கையாலேயே செய்ய வேண்டும். இதை வீண் வேலை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

இரண்டாம் ஆண்டில் ஷாஃப்ட், கப்ளிங், பேரிங், பைப் எல்லாம் வருகின்றன. இரண்டு ஷாஃப்டுகளை நேர்கோட்டில் நிறுத்துவதற்கு அலைன்மென்ட் என்று பெயர். பம்ப் பக்கத்துக் கப்ளிங்கில் டயல் கேஜைக் கட்டி, அதன் முனை மோட்டார் பக்கத்துக் கப்ளிங்கின் வெளிவிளிம்பைத் தொடும்படி வைப்பார்கள். மேலே இருக்கும்போது முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, இரண்டு ஷாஃப்டையும் சேர்த்து அரைச் சுற்றுச் சுற்றுவார்கள். கீழே வந்ததும் முள் 0.40 மில்லிமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டுகளின் உயர வித்தியாசம் 0.40 அல்ல, அதில் பாதி, 0.20. டயல் மேலிருந்து கீழே போகும்போது வித்தியாசத்தை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. மோட்டார்தான் தாழ்ந்திருக்கிறது என்றால் அதன் நான்கு கால்களுக்கும் அடியில் 0.20 கனமுள்ள ஷிம் தகடு வைக்க வேண்டும். பாதியாக்க மறந்து 0.40 வைப்பவர், தாழ்ந்த மோட்டாரை அதே அளவு உயர்ந்த மோட்டாராக மாற்றிவிட்டுப் போவார்.

இதுவரை உள்ளதைப் பள்ளிப் பட்டறையிலேயே நன்றாகக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் பட்டறை மேசையில் இருக்கும் பம்ப்புக்குப் பெரும்பாலும் பைப் இணைப்பு இருக்காது. ஆலையில் உள்ள பம்ப்புக்குக் கனமான பைப்புகள் உண்டு. பைப்பின் முகமும் பம்ப்பின் முகமும் நேராகச் சேரவில்லை என்றால், போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்ப்பார்கள். அந்த இழுவையில் பம்ப்பே லேசாக நகர்ந்து, அரைநாள் உட்கார்ந்து செய்த அலைன்மென்ட் கெட்டுவிடும். அதனால் அனுபவமுள்ள ஃபிட்டர் டயல் கேஜைக் கழற்றாமல் வைத்துக்கொண்டே பைப் போல்ட்டுகளை இறுக்குவார். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் நிறுத்திவிட்டு, பைப்பைத்தான் சரிசெய்யச் சொல்வார். பைப்பே இல்லாத பம்ப்பில் இதை எந்த ஆசிரியராலும் காட்ட முடியாது. கறுப்புத் தூளும் அப்படித்தான். மாதக்கணக்கில் ஓடிய கப்ளிங்கில்தான் அது உதிரும்.

ஆகவே பாடத்தையும் பணியிடத்தையும் இணைப்பது என்றால், எது எங்கே கற்கப்பட வேண்டும் என்று வேலை வேலையாகப் பிரிப்பது. பாதியாக்கும் கணக்கு வகுப்பில், ஷிம் வைத்துப் பழகுவது பட்டறையில், பைப் இழுவையும் தூளும் ஆலையில். பிறகு ஆலையில் பார்த்ததை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஏன் அப்படி ஆனது என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் நம்மிடம் அதிகம் விடுபடுகிறது.

இணைப்புக்கான சட்ட வழிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. 2016 முதல் இரட்டைப் பயிற்சி முறையும் உண்டு. அதில் ஐ.டி.ஐ.யும் தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டு, படிப்புக் காலத்திலேயே மாணவரைச் சில மாதங்கள் ஆலைக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,800 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டத்தில் மேம்படுத்தியிருக்கிறார்கள். புது இயந்திரங்கள் வந்தது நல்ல விஷயம். ஆனால் இயந்திரம் பள்ளிக்கு வருவது வேறு, மாணவர் பணியிடத்துக்குப் போய்த் திரும்புவது வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இவ்வளவு இருந்தும், ‘பையன் என்ன படிக்கிறான்?’ என்ற கேள்விக்கு ‘ஐ.டி.ஐ.’ என்று சொல்லும்போது பெற்றோரின் குரல் ஏன் இறங்குகிறது? உழைப்பை மதிக்கத் தெரியாத சமூகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நம் வரலாறு சொல்லும். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். தொழில் கற்பிக்கிறேன் என்ற பெயரில் பிறந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் தமிழ்ப் பெற்றோருக்குச் சும்மா வரவில்லை. நூலகத்துக்குப் போக வேண்டிய தலைமுறையை மறுபடி தாத்தாவின் பட்டறைக்கு அனுப்புவதாக அவர்களுக்குத் தோன்றியது. அவர்கள் சரியாகவே நினைத்தார்கள்.

எனவே மதிப்பு பற்றிய கேள்வி உண்மையில் கதவு பற்றிய கேள்வி. இந்தப் படிப்பிலிருந்து மேலே போகக் கதவு உண்டா? தமிழ்நாட்டில் உண்டு, பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மொழித் தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஜெர்மனியில் இதை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள். தொழில் பழகி, அனுபவம் பெற்று, ‘மைஸ்டர்’ தேர்வில் தேறியவரின் தகுதி அந்த நாட்டின் தகுதிப் படிநிலையில் இளநிலைப் பட்டத்துக்குச் சமமான படியில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பள்ளி இறுதித் தேர்வு எழுதாமலேயே பல்கலைக்கழகத்தில் சேரலாம். அங்கே மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார். நிறுவனத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுப்பவரும் பயிற்றுநர் தகுதித் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும்.

பாடத்தை யார் எழுதுவது என்பதிலும் மதிப்பு அடங்கியிருக்கிறது. டேகம் என்று ஒரு முறை 1960-களில் கனடாவில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு தொழிலில் கைதேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு தொழிலாளர்களை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைப்பார்கள். நடத்துபவர் பாடம் சொல்லமாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். உங்கள் வேலை என்ன, அதில் முதலில் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன? ஒவ்வொரு பதிலும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டப்படும். ‘பம்ப்பைப் பராமரி’ என்ற பெரிய அட்டைக்கு எதிரே ‘கப்ளிங் அடியில் தூள் பார்’, ‘பைப் இறுக்கும்போது டயலைக் கழற்றாதே’ என்ற சிறிய அட்டைகள் வரும். அந்தச் சுவர்தான் பாடத்திட்டத்தின் முதல் வரைவு. இதற்கும் எல்லை உண்டு. இன்று செய்யும் வேலையைத்தான் தொழிலாளர்கள் சொல்வார்கள், அந்த வேலைக்குப் பின்னுள்ள அறிவியலையும் நாளை வரப்போகும் மாற்றத்தையும் ஆசிரியர் சேர்க்க வேண்டும். ஆனால் முப்பது ஆண்டு பம்ப் பார்த்த ஃபிட்டரைப் பாடம் எழுதும் மேசையில் உட்கார வைக்கும் கல்வி, அவர் தொழிலைக் கீழாக நினைக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இணைப்பு கெடுவது எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியில் இருப்பவர் தொழிலாளி அல்ல, பயிலுநர். தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது, உதவித்தொகையும் சம்பளத்தைவிடக் குறைவு. நேர்மையற்ற நிறுவனத்துக்கு இது மலிவான ஆள்பிடிப்பு. பையனை ஒரே பிரஸ் மிஷினில் நிறுத்தி, ஆறு மாதமும் தகடு வைத்துப் பட்டன் அழுத்த வைப்பார்கள். முடியும்போது சான்றிதழ் வரும், கையில் தொழில் இருக்காது. குலக்கல்வியைப் பார்த்துப் பயந்த பெற்றோரின் பயம் இங்கேதான் புது உருவில் திரும்ப வருகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் போதும். ஜெர்மனியில் பயிற்சிக் குறிப்பேடு இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. நம்மிடமும் பதிவேடு வைக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் பல இடங்களில் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். உயிருள்ள குறிப்பேட்டின் பக்கம் வேறு மாதிரி இருக்கும். திங்கட்கிழமை: மூன்றாம் பம்ப், கப்ளிங் அடியில் ரப்பர் தூள், டயலில் 0.40. செவ்வாய்: ஷிம் 0.20 வைத்தோம், பைப் இறுக்கியபோது முள் 0.15 நகர்ந்தது, பைப் தாங்கியை மாற்றச் சொன்னார். கேள்வி: பைப் சூடானால் மறுபடி நகருமா? கீழே சொல்லிக்கொடுத்தவரின் பெயரும் கையெழுத்தும். அந்தக் கேள்விக்கு அடுத்த வாரம் ஐ.டி.ஐ. ஆசிரியர் வகுப்பில் பதில் சொல்லியிருப்பார், அவர் கையெழுத்தும் இருக்கும்.

உங்கள் பிள்ளையோ தம்பி தங்கையோ ஆலைப் பயிற்சிக்குப் போனால், ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒரே வரி பக்கம் பக்கமாகத் திரும்ப வந்தால், சொல்லிக்கொடுத்தவர் பெயர் இல்லையென்றால், ஒரு கேள்விகூட எழுதப்படவில்லையென்றால், ஐ.டி.ஐ. முதல்வரிடம் அந்த நோட்டோடு போய்க் கேளுங்கள்.