பில்லைப் படிக்க அனுமதி எதற்கு?

கணக்குப் பிரிவில் இருப்பவர் மின்னஞ்சலில் வந்த வேர்ட் கோப்பைத் திறக்கிறார். பில்லைக் காணோம். மைக்ரோசாஃப்ட் சின்னத்துடன் ஓர் அறிவிப்புதான் இருக்கிறது: ‘இந்தக் கோப்பு பழைய பதிப்பில் உருவானது. பார்ப்பதற்கு மேலே Enable Editing, அடுத்து Enable Content அழுத்தவும்.’

இதைச் சொல்வது வேர்ட் அல்ல. அறிவிப்பு என்று தோன்றுவது, கோப்பை அனுப்பியவர் பக்கத்தில் ஒட்டிவைத்த வெறும் படம். வேர்டின் உண்மையான எச்சரிக்கை பக்கத்துக்கு மேலே மஞ்சள் பட்டையாக வரும். அது தடுக்கப் பார்க்கிறது. படமோ அதைத் தாண்டச் சொல்கிறது.

இணையத்திலிருந்து வந்த கோப்பை வேர்ட் முதலில் படிக்க மட்டுமே திறக்கும். Enable Editing அழுத்தினால் அந்தக் காவல் போய்விடும். மென்பொருளில் அடைக்கப்படாத ஓட்டை இருந்தால் இந்த ஒரு சொடுக்கே போதும். Enable Content அழுத்தினால் மேக்ரோ ஓடத் தொடங்கும். மேக்ரோ என்பது கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட சிறு நிரல். எக்செல்லில் சம்பளப் பட்டியல் போடுபவர்களுக்கு அது நல்ல உதவியாள். ஆனால் உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடிய பலவற்றை அதுவும் செய்யும்: வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கிச் சத்தமில்லாமல் இயக்கவும் அதனால் முடியும்.

2014-இல் வங்கித் தகவல் திருடும் நிரலாகத் தலைகாட்டிய எமோடெட் இந்த வழியில்தான் பரவியது. பிடித்த கணினியின் அஞ்சல்பெட்டியிலிருந்து பழைய உரையாடல்களைத் திருடி, அவற்றுக்கே பதில் போல அடுத்தவருக்குப் பில் அனுப்பியது. ஆகவே அனுப்பியவர் தெரிந்தவரா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது நுழைந்த இடத்தில் பின்னாலேயே வேறு கும்பல்களும் வந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின. நவம்பரிலேயே மீண்டும் வந்துவிட்டது.

2022-இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டின் இறுதியில் எமோடெட் அனுப்பிய எக்செல் கோப்பு, தன்னை Templates என்ற கோப்புறைக்கு நகலெடுத்துத் திறக்கச் சொன்னது. அந்த இடத்தை ஆபிஸ் நம்பும். அங்கே கேள்வியே கேட்காது. பூட்டை உடைக்க முடியாதவன் வீட்டுக்காரரையே திறக்கச் சொன்ன கதைதான். பழைய ஆபிஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடையும் இல்லை.

தொகையும் தேதியும் வங்கிக் கணக்கு எண்ணும் காட்ட மேக்ரோ தேவையே இல்லை. சந்தேகம் வந்தால், அஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டதா? இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கணினிப் பிரிவுக்கு உடனே சொல்லுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதியதும் திருடர் கைக்குப் போகலாம்.